ஏப்ரல் மாதச் சலவை பில் 0418: கூடுதலாக வாங்கிய ரூபா 69,690.80 இன்று திருப்பி அனுப்பப்பட்டது

வணக்கம் மேடம்,

ஏப்ரல் பில் பற்றி வெள்ளிக்கிழமை (மே 9) நீங்கள் தொலைபேசியில் சொன்னது சரி. பில் பிழையானது, பிழை எங்களுடையது. நீங்கள் மே 7இல் செலுத்திய ரூபா 340,902இல் ரூபா 69,690.80 கூடுதலாக வாங்கிவிட்டோம். அந்தத் தொகையை இன்று காலை உங்கள் கெஸ்ட் ஹவுஸின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறோம். வங்கிக் கட்டணம் எங்கள் பொறுப்பு. இந்தப் பிழைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். வெசாக் விடுமுறையால் பதில் ஐந்து நாள் பிந்தியது. உங்கள் அழைப்புக்கு மறுநாளே ஒரு வரியாவது அனுப்பியிருக்க வேண்டும், அதற்கும் சேர்த்து வருந்துகிறோம்.

பில்லில் இருந்தவை இரண்டு பிழைகள். நீங்கள் கண்டுபிடித்தது முதலாவதை.

ஒப்பந்தப்படி உங்களுக்குக் கிலோ ரூபா 190. பில்லில் 225 போட்டிருக்கிறோம். அது ஏப்ரல் சீசனுக்கு ஒப்பந்தம் இல்லாதவர்களிடம் வாங்கும் விலை. ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது உங்கள் பெயரைப் புதிய இலக்கத்தில் பதிந்தோம். அந்த இலக்கம் பொதுப் பட்டியலில் விழுந்துவிட்டது. மார்ச் வரை பொது விலையும் 190தான் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. ஏப்ரல் 1இல் பொது விலையை உயர்த்தியதும் உங்கள் விலையும் சேர்ந்து ஏறியது. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் பில்களையும் எடுத்துப் பார்த்துவிட்டோம், அவை சரி.

இரண்டாவது பிழையை நாங்கள்தான் சிட்டைகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும்போது கண்டோம். ஏப்ரல் 12, சனிக்கிழமை லொறியில் எடுத்த 78 கிலோ, சாரதி சிட்டை கொடுத்த அன்றே பதிவாகியிருக்கிறது. புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்தவர்கள் அதே சிட்டையை 16ஆம் திகதி மறுபடி பதிந்திருக்கிறார்கள். ஆகவே 1,186 கிலோ 1,264 கிலோவாகிவிட்டது.

கணக்கு இப்படி:

அனுப்பிய பில்: 1,264 கிலோ × 225 = 284,400; கறை நீக்கம் 4,500; வற் வரி 18 வீதம் 52,002; மொத்தம் ரூபா 340,902.00

சரியான பில்: 1,186 கிலோ × 190 = 225,340; கறை நீக்கம் 4,500; வற் வரி 41,371.20, மொத்தம் ரூபா 271,211.20

கறை நீக்கக் கட்டணத்தில் மாற்றமில்லை. மஞ்சள், தேயிலைக் கறை பட்ட ஒன்பது மேசை விரிப்புகளுக்கு ஒன்றுக்கு 500 ரூபா வீதம், உங்கள் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பாளர் ஒப்பமிட்ட சிட்டையில் உள்ளபடி.

நிறையே கூடிவிட்டதா என்றும் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன 78 கிலோவைத் தவிர மற்றவை உங்கள் வாசலில் தராசில் நிறுத்து உங்கள் ஆட்களே ஒப்பமிட்டவை. அவற்றை நாங்கள் குறைக்கவில்லை. ஒன்று மட்டும்: பனிமூட்டமான நாட்களில் ஈரத் துவாய்களை அப்படியே பையில் கட்டித் தருகிறார்கள். நீரின் நிறையும் உங்கள் பில்லில்தான் ஏறும். ஓரிரவு கொடியில் போட்டுவிட்டுத் தந்தால் உங்களுக்கு மிச்சம், எங்களுக்கும் பூஞ்சணக் கறையோடு மல்லுக்கட்டும் வேலை குறையும்.

கிரெடிட் நோட், திருத்திய பில், ஏப்ரல் சிட்டைகள் அனைத்தினதும் பிரதி இணைக்கப்பட்டுள்ளன. உங்கள் கணக்காளர் பழைய பில்லை வைத்து 52,002 ரூபாவை உள்ளீட்டு வரியாக ஏற்கனவே எடுத்திருந்தால், கிரெடிட் நோட்டின்படி 10,630.80 குறைக்க வேண்டும். தயவுசெய்து இதை அவரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள். பழைய பில் கோப்பில் இருக்கட்டும், கிழித்துவிட வேண்டாம். கிரெடிட் நோட் அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டே எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கம் மாற்றியவை: உங்கள் 190 ரூபா விலையைப் பொதுப் பட்டியலிலிருந்து பிரித்து, ஒப்பந்தம் முடியும் வரை மாறாதபடி பதிந்துவிட்டோம். ஒரே சிட்டை இலக்கத்தை இரண்டாம் முறை பதிய முயன்றால் கணினி இனி ஏற்காது. மே, ஜூன், ஜூலை பில்களைச் சிட்டைப் பிரதிகளுடன் சேர்த்தே அனுப்புவோம். பார்த்துச் சரி என்ற பிறகு பணம் செலுத்தினால் போதும்.

பணம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கணக்கில் தெரியாவிட்டால் அலுவலகத் தொலைபேசிக்கு அழையுங்கள், பரிமாற்ற இலக்கத்தை உடனே தருகிறேன். ஞாயிறு, புதன் லொறி வழக்கம்போல் வரும்.

நன்றி.

கணக்குப் பொறுப்பாளர்
சலவை நிலையம், நானுஓயா
2025 மே 14