நோக்க அறிக்கைத் திருத்தம்: நவம்பர் 17 முதல் டிசம்பர் 14 வரை

தம்பி, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு நீ எழுதிய நோக்க அறிக்கையின் வரைவை இரண்டு முறை படித்தேன். ஒன்பது பத்திகள், 1,340 சொற்கள். துறை கேட்பது 1,000. ஆனால் எனக்கு நீளம் பெரிய கவலையாகத் தெரியவில்லை. நீ சொல்ல வேண்டிய விஷயம் ஏழாவது பத்தியில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதுதான் கவலை. இந்த அட்டவணை முழுவதும் அதை வெளியே இழுப்பதற்குத்தான்.

வேலை நேரம் காலை 5.30 முதல் 6.30 வரை. அலுவலகம் விட்டு வந்து இரவில் உட்காராதே. களைத்த கண்ணுக்கு எல்லா வாக்கியமும் நன்றாகவே தெரியும். 'ஆறப்போடும் நாள்' என்று குறித்திருக்கும் நாட்களில் கோப்பைத் திறக்கவே கூடாது, கைப்பேசியில்கூட. அந்த நாட்களும் வேலையில் சேர்த்திதான்.

முதல் வாரம் (நவம்பர் 17–23): சட்டகம்

திங்கள்: இப்போதிருக்கும் வரைவை `SOP_v1.docx` என்று சேமித்து, இரட்டை இடைவெளி விட்டு அச்செடு. பத்திகளுக்கு 1 முதல் 9 வரை எண் போடு. ஒரு சொல்லையும் திருத்தாதே. கை பரபரக்கும், தெரியும்.

செவ்வாய், புதன்: பின்னோக்குச் சட்டகம். எழுதுவதற்கு முன் போடும் சட்டகம் நீ எழுத நினைத்ததைக் காட்டும். எழுதி முடித்தபின் போடுவது உண்மையில் எழுதியதைக் காட்டும். ஒரு நோட்டுத் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள். இடப்பக்கம், இந்தப் பத்தி என்ன சொல்கிறது. வலப்பக்கம், படிக்கும் பேராசிரியருக்கு அது எதற்கு. ஒவ்வொன்றும் ஒரே வரி. தமிழிலேயே எழுது, ஆங்கிலத்தில் எழுதினால் வரைவில் உள்ள வாக்கியத்தையே திரும்பக் காப்பி அடித்துவிடுவாய். மாதிரிக்கு மூன்றை நானே போட்டுப் பார்த்தேன்:

1: தாத்தாவின் கிணறு வற்றியது. / எதற்கு? இரண்டு வரி போதும், இருப்பதோ பதினோரு வரி.
3: முல்லைப் பெரியாறு அணை, 1895, வைகைக்கு நீர் வந்த வரலாறு. / எதற்கும் இல்லை. அதில் உன் வேலை எதுவும் இல்லை.
7: கண்மாய்கள் நிறைவது வடகிழக்குப் பருவமழையில்; அப்போதுதான் மேகமும் மூடியிருக்கும்; சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு தெரியாது; அதனால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படங்களுக்கு மாறினேன். / உன்னை எடுத்தால் இதற்காகத்தான் எடுப்பார்கள்.

மற்ற ஆறையும் நீயே போடு. ஒரு பத்திக்கு இடப்பக்கம் இரண்டு வரி தேவைப்பட்டால் அது இரண்டு பத்தி. வலப்பக்கம் எழுத ஒன்றுமே வரவில்லை என்றால் நீக்கு. ஐந்துக்கும் எட்டுக்கும் ஒரே வரி வரும் என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்.

வியாழன்: ஒன்பது வரிகளையும் துண்டு துண்டாக வெட்டி, தரையில் பரப்பி, வரிசை மாற்றிப் பார். உன் ஆராய்ச்சிக் கேள்வி முன்னால் வரட்டும், கிணறு அதற்குத் துணையாக நிற்கட்டும். புதிய வரிசையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

வெள்ளி முதல் ஞாயிறு வரை ஆறப்போடும் நாட்கள். ஊருக்குப் போய்விட்டு வா.

இரண்டாம் வாரம் (நவம்பர் 24–30): மறுபடி எழுதுதல்

திங்களும் செவ்வாயும் புதிய வரிசைப்படி `SOP_v2.docx`. வெற்றுப் பக்கத்தில் தொடங்கு. பழையதிலிருந்து வெட்டி ஒட்டாதே. ஒட்டினால் பழைய வாக்கியங்களின் இணைப்புச் சொற்களும் கூடவே வந்து, நீ மாற்றிய வரிசையைப் பழையபடி இழுத்துவிடும். இலக்கு 1,150 சொற்கள். மானாமதுரைப் பக்கம் நீ நேரில் அளந்த பதினான்கு கண்மாய்கள் இப்போது ஓர் அடைப்புக்குறிக்குள் கிடக்கின்றன. உபரி நீர் வழியும் கலுங்கின் உயரத்தை நீயே அளந்ததும், ரேடார் காட்டிய பரப்போடு அது எங்கே பொருந்தவில்லை என்பதும் முழுப் பத்தியாக வர வேண்டும். பொருந்தாததை மறைக்காதே. அதை எப்படித் தீர்க்கலாம் என்று நீ யோசித்திருந்தால், அதுவே உன் ஆராய்ச்சித் திட்டம்.

புதன் இரவுக்குள் எனக்கு அனுப்பு. 27 வியாழன் இங்கே அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள் விடுமுறை, நிதானமாகப் படிப்பேன். அன்றிலிருந்து ஞாயிறு வரை உனக்கு ஆறப்போடும் நாட்கள். என் குறிப்புகள் சனிக்கிழமையே வந்தாலும் திங்கள்தான் திறக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் (டிசம்பர் 1–7): வாய்விட்டு வாசித்தல்

திங்கள்: என் குறிப்புகளைச் சேர்த்து `SOP_v3.docx`. ஏற்காதவற்றை விட்டுவிடு, என்ன காரணம் என்று ஒரு வரி மட்டும் எழுது.

செவ்வாய்: கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, அச்சுத் தாளைப் பார்த்து வாசி. கைப்பேசியில் பதிவு செய். நிறுத்தித் திருத்தாதே; தடுக்கிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். உனக்கே கூச்சமாக இருக்கும் இடத்தில் ஒரு வட்டம். கடைசிப் பத்தியில் அந்தப் பல்கலைக்கழகத்தைப் புகழும் வரிகளில் வட்டம் விழாவிட்டால், இன்னொரு முறை சத்தமாக வாசி.

3 புதன், கார்த்திகை தீபம். ஆறப்போடும் நாள். விளக்கு ஏற்று.

வியாழன்: பதிவைக் கேட்டபடி தாளைப் பார். நீ வாசித்ததும் எழுதியிருப்பதும் வேறாக இருக்கும் இடங்கள் சில கிடைக்கும். பெரும்பாலும் வாய் சொன்னதே சரி. புள்ளி விழுந்த வாக்கியங்களை இரண்டாக்கு. வட்டங்களை அழி. இதிலேயே நூறு சொல் குறைந்துவிடும்.

வெள்ளி: உன் தங்கையை வாசிக்கச் சொல். அவளுக்கு நீரியல் தெரியாதது நல்லதுதான். நீ வாய் திறந்து விளக்கக் கூடாது. அவள் தடுமாறும் இடம் எழுத்தின் குறை, அவளுடைய குறை அல்ல.

சனி, ஞாயிறு: ஆறப்போடு.

நான்காம் வாரம் (டிசம்பர் 8–14): முடிப்பு

திங்கள்: இரண்டாவது பின்னோக்குச் சட்டகம். பழைய தாளைப் பார்க்காமல் போட்டு, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். வலப்பக்க வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் ஒரே பேச்சாக ஓட வேண்டும். எங்காவது முறிந்தால் செவ்வாயன்று அந்த இடத்தை மட்டும் தொடு. புதிய பத்தி எதுவும் இனி உள்ளே வரக்கூடாது, எவ்வளவு அருமையான யோசனை வந்தாலும்.

புதன், வியாழன்: கடைசி ஆறப்போடும் நாட்கள். இந்த இரண்டு நாளில்தான் உனக்குப் பயம் வரும். என்னைக் கூப்பிடு, கோப்பைத் திறக்காதே.

வெள்ளி: எழுத்துரு மாற்றி அச்செடுத்து, கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு ஏறுமுகமாக, வாய்விட்டு ஒரு முறை. இது எழுத்துப் பிழைக்கு மட்டும்.

சனி: பேராசிரியர் பெயர்கள், துறையின் பெயர், சொல் எண்ணிக்கை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதில் இன்னொன்றின் பெயர் நிற்பது நான் செய்த தவறு. அந்த விண்ணப்பத்துக்குப் பதில் என்ன வந்தது என்று உனக்குத் தெரியும். பி.டி.எஃப். ஆக்கிய பின் அதையும் திறந்து பார்.

14 ஞாயிறு மாலை 4 மணி: பதிவேற்று. கெடு டிசம்பர் 15 இரவு 11.59, கிழக்கு அமெரிக்க நேரம். உனக்கு 16-ஆம் தேதி காலை 10.29. அந்தக் கூடுதல் நேரம் உனக்கு இல்லை என்றே வைத்துக்கொள். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். ஒப்புகை மின்னஞ்சல் வந்ததும் எனக்கு ஒரு குறுஞ்செய்தி போடு. எனக்கு அது விடியற்காலையாக இருக்கும், பரவாயில்லை.