பத்து மதிப்பெண் அறவியல் விடை: ஒரு சூழல், இரண்டு கோட்பாடுகள், பதினாறு நிமிடங்கள்

நம் தாள் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். 180 நிமிடங்களில் வினாத்தாளைப் படித்து வினாக்களைத் தேர்ந்துகொள்ளப் பத்து நிமிடமும், இறுதியில் திருப்பிப் பார்க்கப் பத்து நிமிடமும் போக மீதம் 160 இருக்கும். ஆகவே பத்து மதிப்பெண் வினாவுக்குரிய நேரம் 16 நிமிடம். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேறொரு வினாவிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதால், விடையைத் தொடங்கும்போதே முடிக்க வேண்டிய மணியை விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தேர்வில் பலரைத் தடுமாறச் செய்த வினாவையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

“கீதா பாலங்களை ஆய்வு செய்யும் பொறியாளர். ஒரு பாலத்தின் உத்தரத்தில் விரிசல் ஒன்றைக் காண்கிறார். கனரக வாகனங்கள் தொடர்ந்து சென்றால் ஆபத்து நேரக்கூடும். ஆனால் அதற்கான வாய்ப்பு குறைவு. பாலத்தை மூடினால் அக்கரையில் இருப்பவர்கள் மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டர் சுற்றிச் செல்ல வேண்டும். மூன்று மாதத்தில் பழுது பார்த்துவிடுவதாகவும், அதுவரை அறிக்கையில் ‘குறைபாடு இல்லை’ என்று எழுதும்படியும் மேலதிகாரி சொல்கிறார். பயன்பாட்டுவாதம், காண்டின் கடமைநெறி ஆகிய இரண்டையும் கொண்டு கீதா செய்ய வேண்டியதை ஆராய்க.”

முதல் மூன்று நிமிடங்களில் விடை எழுத வேண்டாம். இந்தச் சூழலில் முடிவு செய்ய வேண்டியவை உண்மையில் இரண்டு: அறிக்கையில் என்ன எழுதுவது, பாலத்தை என்ன செய்வது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, “உண்மை எழுதினால் பாலம் மூடப்படும், எழுதாவிட்டால் திறந்திருக்கும்” என்று இரண்டே வழிகள் இருப்பதாக எடுத்துக்கொண்டவர்கள்தாம் பெரும்பாலும் ஐந்து மதிப்பெண்ணில் நின்றுவிட்டார்கள். கனரக வாகனங்களை மட்டும் நிறுத்தி, மற்ற வாகனங்களை அனுமதிக்கும் மூன்றாவது வழிக்கான குறிப்பு வினாவிலேயே இருக்கிறது. பாதிக்கப்படுவோர், உள்ள வழிகள், இரண்டு கோட்பாடுகளும் தரும் முடிவுகள் ஆகியவற்றை ஓரத்தில் ஐந்தாறு சொற்களில் குறித்துக்கொண்டால் போதும்.

தொடக்கத்துக்கு ஒரு நிமிடம், ஒரு மதிப்பெண். அறவியலின் வரலாறோ கோட்பாட்டாளரின் வாழ்க்கைக் குறிப்போ இங்கு வேண்டாம். இப்படித் தொடங்கலாம்: “கீதாவின் முன் உள்ள சிக்கல், மக்களின் போக்குவரத்து வசதியைக் காப்பதற்காக அவர்களிடமிருந்தே ஓர் ஆபத்தை மறைக்கலாமா என்பது. அறிக்கையின் உண்மையும் பாலத்தின் பயன்பாடும் தனித்தனியே தீர்க்கப்பட வேண்டியவை எனக் கருதி இவ்விடை அமைகிறது.”

அடுத்த நான்கு நிமிடங்கள் பயன்பாட்டுவாதத்துக்கு, மூன்று மதிப்பெண். கோட்பாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: பாதிக்கப்படும் அனைவரையும் சமமாகக் கணக்கில் கொண்டு, துன்பம் கழித்த நிகர நன்மை எந்தச் செயலால் மிகுதியாகுமோ அதுவே சரியான செயல். இதைப் பெரும்பான்மையோரின் விருப்பம் என்று எழுதிவிடாதீர்கள். தலைகளை மட்டும் எண்ணும் கோட்பாடு அல்ல இது. பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் இன்பதுன்பத்தை அளக்க ஏழு கூறுகளைத் தருகிறார். ஏழையும் ஒப்பிப்பதால் மதிப்பெண் கூடாது. இந்தச் சூழலுக்குப் பொருந்தும் தீவிரம், உறுதி, பரப்பு ஆகிய மூன்றை எடுத்துப் பொருத்துங்கள்.

“விபத்து நேரும் வாய்ப்பு குறைவாயினும், நேர்ந்தால் விளையும் இழப்பு மிகத் தீவிரமானது, மீட்க முடியாதது. மறுபுறம், பாலத்தை முழுவதுமாக மூடினால் அவசர நோயாளிகளுக்கு நேரும் தாமதம் ஏறத்தாழ உறுதியானது. கனரக வாகனங்களை மட்டும் நிறுத்துவது முதல் துன்பத்தைப் பெருமளவு குறைத்து, இரண்டாவதைத் தவிர்க்கிறது. ஆகவே பயன்பாட்டுவாதம் இந்த வழியையே ஏற்கும். இதை நடைமுறைப்படுத்த அறிக்கை உண்மையாக இருப்பதும் தேவையாகிறது.”

கடைசி வாக்கியத்தில் கோட்பாடு சூழலோடு இறுகப் பிணைகிறது. அந்தப் பிணைப்புக்கே மூன்றில் இரண்டு மதிப்பெண்.

காண்டுக்கும் நான்கு நிமிடம், மூன்று மதிப்பெண். மிகுதியான பிழைகளை நான் கண்டது இந்தப் பகுதியில்தான். “எல்லாரும் பொய் அறிக்கை எழுதினால் பாலங்கள் இடிந்து மக்கள் மடிவார்கள், ஆகவே காண்ட் இதை மறுப்பார்” என்று எழுதினால், காண்டின் பெயரில் மீண்டும் பயன்பாட்டுவாதத்தையே எழுதியதாகிறது. விளைவு தீயது என்பதன்று அவருடைய வாதம். அந்தச் செயல்விதியைப் பொதுவிதியாக்கினால் அது தன்னைத் தானே முறித்துக்கொள்கிறது என்பதே. செயல்விதியை முதலில் கீதாவின் வாயிலாகவே எழுதுங்கள்:

“‘உண்மை இடையூறாகும்போது, பிறர் நம்பும்படி பொய் அறிக்கை தருவேன்’ என்பது கீதா ஏற்கவேண்டி வரும் செயல்விதி. இது அனைவருக்குமான விதியானால் ஆய்வறிக்கையை நம்புவோர் எவரும் இரார். நம்புவோர் இல்லாத இடத்தில் பொய் அறிக்கையால் எதையும் மறைக்கவும் முடியாது. எனவே இவ்விதி பொதுவிதியாக இருக்கவே இயலாதது. மேலும், விரிசலை அறியாமல் பாலத்தைக் கடப்பவர் அந்த ஆபத்தை ஏற்பதா மறுப்பதா என்று தாமே முடிவு செய்யும் வாய்ப்பை இழக்கிறார். அவர் வெறும் கருவியாக நடத்தப்படுகிறார்.”

1785-ஆம் ஆண்டு நூலில் காண்ட் தரும் பொதுவிதி வாய்பாடும் மனிதத்துவ வாய்பாடும் இவ்வாறு ஆறேழு வரிகளில் அடங்கிவிடும். இடம் குறைவாக இருந்தால் இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூழலில் அதுதான் கூர்மையாகப் பொருந்துகிறது.

மூன்று நிமிடம், இரண்டு மதிப்பெண் ஒப்பீட்டுக்கு. விடையின் தரம் வெளிப்படும் இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. “இரண்டு கோட்பாடுகளும் பொய்யை மறுக்கின்றன” என்பதோடு நின்றுவிடாமல், எங்கே பிரிகின்றன என்று காட்டுங்கள். மறைப்பதால் உறுதியாக நன்மையே மிகும் என்ற நிலை வந்தால், செயல்வழிப் பயன்பாட்டுவாதி பொய் அறிக்கையை ஏற்க நேரிடும். காண்ட் அப்போதும் ஏற்கமாட்டார். அதே வேளையில், பாலத்தை மூடுவதா, கனரக வாகனங்களை மட்டும் தடுப்பதா என்பதற்குப் பொய்யுரைத்தலைத் தடுக்கும் கடமை நேரடியாக விடை தருவதில்லை. அங்கே பயன் கணிப்பு உதவுகிறது. விதிவழிப் பயன்பாட்டுவாதி இரண்டுக்கும் இடையில் நிற்பார் என்பதை ஒரு வரியில் சேர்க்கலாம்.

கடைசி நிமிடத்தில் முடிவு. மீதமுள்ள ஒரு மதிப்பெண். “சூழலைப் பொறுத்தது” என்று விட்டுவிடாமல் ஒரு நிலைப்பாட்டை எடுங்கள்: “கீதா விரிசலை உள்ளபடி பதிவு செய்து, பழுது நீங்கும்வரை கனரக வாகனங்களைத் தடுக்கும்படி அதே அறிக்கையில் பரிந்துரைக்க வேண்டும். பதிவு செய்வதற்குக் கடமைநெறியும், பரிந்துரைக்குப் பயன்பாட்டுவாதமும் வலுவான காரணம் தருகின்றன.”

முந்தைய வினா நேரத்தை விழுங்கி ஆறு நிமிடமே மிஞ்சினால், தொடக்கத்தை விட்டுவிடுங்கள். கோட்பாட்டு விளக்கத்தையும் சுருக்கி, பயன்பாட்டுவாதத்தின் தீர்ப்புக்கு இரண்டு நிமிடம், காண்டின் தீர்ப்புக்கு இரண்டு நிமிடம், அவை பிரியும் இடத்துக்கு ஒரு நிமிடம், முடிவுக்கு ஒரு நிமிடம் என்று எழுதுங்கள். முதல் கோட்பாட்டை மட்டும் முழுமையாக எழுதி இரண்டாவதைத் தொடாமல் விட்ட விடைக்கு, அது எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், நான்குக்கு மேல் என்னால் தர இயலாது.