ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான் இல்லை அண்ணா

செந்தில் அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி மின்னொளிக் கபடிப் போட்டியில் என்னால் ஆட முடியாது. இடது கணுக்காலின் வெளிப்பக்கம் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் சொன்னால் நீங்கள் "வாடா, கட்டுப் போட்டுப் பார்த்துக்கலாம்" என்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நானும் சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இப்போதே தெரிந்தால் அணியை மாற்றி அமைக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அப்போது மறுபக்கம் ரைடர்களோடு இருந்தீர்கள். பிரபாவின் காலைப் பிடித்துவிட்டேன். அவன் கோட்டை நோக்கி இழுத்த வேகத்தில் என் இடது பாதம் உட்பக்கமாக மடங்கி, உடம்பு முழுவதும் அதன் மேல் விழுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. எழுந்து நடந்தேன், வீடு வரைக்கும் பைக்கும் ஓட்டினேன். அதைப் பார்த்துத்தான் பசங்க எல்லாரும் ஒன்றுமில்லை என்று நினைத்தார்கள். ராத்திரி பத்து மணிக்குள் கணுக்கால் முட்டி இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. காலையில் பார்த்தால் குதிகால் வரைக்கும் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது, செருப்புக்குள் கால் நுழையவில்லை.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு முறியவில்லை, அதுவரைக்கும் நல்லது. மூன்று வாரம் ஓட்டம், குதிப்பு எதுவும் கூடாது. வீக்கம் வடிந்த பிறகு பிசியோதெரபி, அப்புறம் ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். அம்மா எண்ணெய்க் கட்டுப் போடக் கூட்டிப் போகிறேன் என்று நின்றார். புதுக் காயத்தை அழுத்தி உருவினால் வீக்கம் கூடும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது ஐஸ் ஒத்தடமும் கிரேப் பேண்டேஜும்தான்.

குரூப்பில் யாராவது வலி ஊசி போட்டுக்கொண்டு ஆடலாமே என்று சொல்வார்கள், எனக்குத் தெரியும். அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் நிற்பது இடது கார்னர். உள்ளே பாய வேண்டும் என்றால் என்னை உந்துவது இந்த இடது கால்தான். ஊசி போட்டால் வலி தெரியாது, ஆனால் அந்த ஜவ்வுக்கு பலம் வந்துவிடாது. வலி தெரியாமல் முழு வேகத்தில் பாய்ந்து அது முழுசாக அறுந்தால் இந்த வருடமே போய்விடும். அதைவிட முக்கியம், அரை நொடி பிந்திப் பாயும் கார்னர் அணிக்கு ஓட்டைதான். ரைடர் அதை முதல் ரைடிலேயே கண்டுபிடித்து ஆட்டம் முடியும் வரைக்கும் அந்தப் பக்கமே வருவான். நம் தஞ்சாவூர் மாவட்டத்துச் சேரலாதன் அண்ணன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் கார்னரில் நின்றார். எனக்கும் அத்தனை வருடம் ஆட ஆசை இருக்கிறது. இந்த ஒரு ஆட்டத்துக்காகக் காலைப் பணயம் வைக்க மாட்டேன் அண்ணா. இது முடிவு.

என் இடத்தில் முகேஷை நிறுத்துங்கள். வயதில் சின்னவன்தான், ஆனால் அவன் பிடியில் இறுக்கம் இருக்கிறது. அவனிடம் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் சரி செய்ய வேண்டும். ரைடர் காலை நீட்டுவது போலக் காட்டினாலே பாய்ந்துவிடுகிறான். அவன் காத்திருக்க வேண்டும். போனஸ் எடுக்க வருகிறவன் ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்து, பின்னங்காலைத் தூக்கியே ஆக வேண்டும். அந்த ஒரு கணம் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான், திரும்பவும் முடியாது, உதைக்கவும் முடியாது. ஊன்றிய அந்தக் கணுக்காலைத்தான் பிடிக்க வேண்டும். பின்னங்கால் மண்ணை விட்டு எழும்பும் வரை அசையாதே என்று நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும். நான் சொல்வதைவிட கேப்டன் சொன்னால் மனதில் நிற்கும்.

முதல் ஆட்டத்திலேயே நமக்கு விழுந்திருக்கும் அணியில் அந்த உயரமான ரைடரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன பொங்கல் போட்டியில் நம்மிடம் எடுத்ததில் பாதிக்கு மேல் போனஸ்தான், எல்லாமே என் பக்கத்தில். ஏழு பேரும் ஆறு பேரும் நிற்கும்போது ஆழமாக வர மாட்டான், கோட்டைத் தொட்டுவிட்டு ஓடுவான். நாம் ஐந்து பேராகிவிட்டால் போனஸ் கிடையாது, உள்ளே வந்து தொட்டாக வேண்டும். அப்போது தலையைக் குனிந்துகொண்டு வலது கவர் பக்கம் பாய்வான். அந்த நேரத்தில் மணியும் நீங்களும் டேஷ் அடிக்கத் தயாராக நின்றால் வெளியே தள்ளிவிடலாம். மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது பயப்பட வேண்டாம், பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட்.

செயினுக்கு முகேஷோடு பிரபா கை கோத்து நிற்கட்டும். இரண்டு பேரும் ஒரே தெரு, சின்ன வயதிலிருந்து சேர்ந்து ஆடுகிறவர்கள். ஒருவன் அசைந்தால் இன்னொருவன் தானாக அசைவான். இன்றும் நாளையும் பயிற்சியில் அவர்களை அப்படியே நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டு மாற்று வீரராக யாரைச் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். போட்டிக் கமிட்டி சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் 12 பேர் பெயரும் ஆதார் நகலும் கேட்டிருக்கிறார்கள். யார் என்று இன்று முடிவு செய்து சொன்னால், நகல் வாங்கி நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், தம்பி வண்டியில் கூட்டிப் போவான். 4-ஆம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து வைத்திருக்கிறேன், முகேஷுக்குச் சரியாக இருக்கும். வேனுக்கு என் பங்குப் பணம் உங்களிடமே இருக்கட்டும், திருப்பித் தர வேண்டாம்.

ஆட முடியாதது எவ்வளவு வலிக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் போட்டிக்காக மார்கழிக் குளிரில் எல்லாரையும் எழுப்பி ஓட வைத்தவர் நீங்கள். போன வருடம் அரையிறுதியில் ஒரே பாயிண்டில் தோற்று, வேனில் யாரும் பேசாமல் வந்தோமே, அன்றிலிருந்து எனக்கு இந்த ஆட்டம்தான் மனதில் ஓடுகிறது. அணி பலமாக இருக்கும் நேரத்தில் விட்டுவிட்டு நிற்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன். வேனில் வருகிறேன், முன் சீட்டில் காலை நீட்டிக்கொள்ள இடம் மட்டும் கொடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ரைடு எண்ணிக்கை சொல்கிறேன். இரண்டு வெற்று ரைடு போய் மூன்றாவது வரும்போது அது டூ ஆர் டை என்று கத்துவதற்கு ஒருவர் வேண்டும், ஆட்டச் சூட்டில் உள்ளே இருப்பவர்களுக்கு அது மறந்துவிடும். ஐஸ் பெட்டி, பேண்டேஜ், தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு.

டாக்டர் சீட்டையும் எக்ஸ்ரேயையும் போட்டோ எடுத்து இதோடு அனுப்புகிறேன், கமிட்டி கேட்டால் காட்டலாம். பசங்களிடம் நீங்கள் சொன்ன பிறகு குரூப்பில் நான் எழுதுகிறேன். முகேஷிடம் மட்டும் இன்று சாயங்காலமே சொல்லிவிடுங்கள், அவனுக்கு இரண்டு நாள் பயிற்சியாவது கிடைக்கட்டும். கடையை அடைத்துவிட்டு எட்டரைக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், அப்போது கூப்பிடுங்கள் அண்ணா.

கார்த்தி