தீபாவளி ஒன்றுகூடல்: அண்டை வீட்டாருக்கு ஓர் அழைப்பு

18 அக்டோபர் 2026
ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு,

வணக்கம். வரும் நவம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளித் திருநாளன்று மாலை 5 மணி முதல் 9.30 மணி வரை, நமது புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய ஒன்றுகூடலை ஏற்பாடு செய்திருக்கிறோம். இடத்தைப் பயன்படுத்த நகர மன்றத்திடம் அனுமதி பெற்றுவிட்டோம். எங்கள் உறவினர்களுக்கு மட்டுமான விருந்தன்று இது. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில் குடியிருக்கும் உங்கள் எல்லாரையும் குடும்பத்துடன் அழைக்கிறோம்.

அழைப்புக்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் கொண்டாட்டத்தில் பாட்டு இரவு 11 மணியைத் தாண்டியும் ஒலித்தது. மறுநாள் அதிகாலை வேலைக்குச் செல்ல வேண்டியிருந்த ஒருவர் இறங்கி வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் மணியையே பார்த்தோம். அவர் மிகவும் பொறுமையாகப் பேசினார் என்பது எங்களுக்கு இன்னும் கூச்சத்தைத் தருகிறது. ஆகவே இவ்வாண்டு நேரத்தை முன்கூட்டியே வகுத்து, உங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்கிறோம்.

இசை மாலை 6.30 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு நிறுத்தப்படும். முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் பாடுவார்கள். அதன்பின் ஆர்மோனியமும் தபேலாவும் இருக்கும். ஒரே ஓர் ஒலிபெருக்கியை மட்டும் வைக்கிறோம். சென்ற ஆண்டு அது மின்தூக்கி வாசலை நோக்கி இருந்ததால் ஓசை நேராக மேல்மாடிகளுக்கு ஏறியது. இம்முறை வாகன நிறுத்துமிடத்தை நோக்கித் திருப்பி வைப்போம். நம் மாடிகளில் சாதாரண நிலைத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருப்பதை அறிவோம். திங்கட்கிழமை பொது விடுமுறை என்றாலும், அவர்களுக்கு அது படிக்கும் நாள்தான் என்பதால், 9 மணி என்பதில் ஐந்து நிமிடம்கூட நீட்டிக்க மாட்டோம். மேசை நாற்காலிகளை மடிக்கும் சத்தம் மட்டும் 9.30 வரை இருக்கலாம். அவற்றை இழுக்காமல் தூக்கிச் செல்லும்படி இளையவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

விளக்கு அலங்காரத்தைப் பொறுத்தவரை, எங்கள் வீட்டு வாசலிலும் அதையொட்டிய நடைவழிச் சுவரிலும் அக்டோபர் 25 முதல் நவம்பர் 15 வரை மின்விளக்குச் சரங்கள் இருக்கும். அவை நாள்தோறும் மாலை 7 மணிக்கு எரிந்து இரவு 10.30 மணிக்குத் தாமாகவே அணைந்துவிடும். தீபாவளிக்கு முந்திய இரவும் தீபாவளி இரவும் மட்டும் நள்ளிரவு வரை எரியும். மினுக்கும் வண்ண விளக்குகள் எதிர்வீட்டுப் படுக்கையறைச் சன்னலில் பட்டுத் தொந்தரவு தந்ததாக அறிந்து, நிலையாக எரியும் இளமஞ்சள் விளக்குகளை வாங்கியுள்ளோம். அப்படியும் வெளிச்சம் உங்கள் அறைக்குள் விழுந்தால் சொல்லுங்கள், அன்றே இடம் மாற்றிவிடுகிறோம். அகல் விளக்குகள் தீபாவளி மாலை 7 முதல் 8.30 வரை, எங்கள் வாசலோரம் தட்டில் வைக்கப்படும். அவை அணையும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். கோலமும் வாசலை விட்டு வெளியே வராது. பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்ற விதியை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் அமைக்கிறோம்.

பட்டாசு கிடையாது, 1972 முதல் இங்கு அதற்குத் தடை இருப்பது நீங்கள் அறிந்ததே. பிள்ளைகள் கம்பி மத்தாப்பு மட்டும் 8 மணியிலிருந்து அரைமணி நேரம், கீழேயுள்ள திறந்தவெளியில், வாளித் தண்ணீர் அருகில் இருக்கக் கொளுத்துவார்கள். தீபாவளியன்று விடியற்காலை நான்கரை மணிக்கே எங்கள் வீட்டில் தண்ணீர் ஓசை கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியலை ஏழு மணிக்குத் தள்ளிப்போட எங்கள் பாட்டி எவ்வளவு சொல்லியும் இசையவில்லை.

இரவு உணவு 7 மணிக்கு. சைவ உணவு தனி மேசையில், தனிக் கரண்டிகளுடன் இருக்கும். கோழி பிரியாணி ஹலால் சான்றிதழ் பெற்ற உணவு விநியோகிப்பாளரிடமிருந்து வருகிறது. முறுக்கும் அதிரசமும் வீட்டில் செய்தவை. வேர்க்கடலை போன்றவை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அன்பளிப்பு எதுவும் கொண்டுவர வேண்டாம். தமிழ் படிக்காத அண்டை வீட்டாருக்கு இதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்களைச் சந்திக்கும்போது நீங்களும் ஒரு வார்த்தை அழைத்தால் மகிழ்வோம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை நவம்பர் 1ஆம் தேதிக்குள் தெரிவித்தால் உணவு வீணாகாது. மாலை 7 மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் எங்கள் கதவைத் தட்டலாம். வர இயலாதவர்களுக்குப் பலகாரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். அன்று இசை இடையூறாக இருந்தால், 9 மணிவரை காத்திருக்காமல் உடனே சொல்லி அனுப்புங்கள். ஒலியைக் குறைப்பதற்கென்றே என் தம்பி ஒலிபெருக்கி அருகில் அமர்ந்திருப்பான்.

இப்படிக்கு,
அன்புடன்,
செல்வராசு – மீனாட்சி குடும்பத்தினர்
ஒன்பதாம் மாடி, மின்தூக்கிக்கு இடப்பக்க மூன்றாம் வீடு