நான்காவது நிமிடம்

அப்பாவின் 70ஆவது பிறந்தநாள். காலையில் எடுத்த வீடியோவை அக்கா மகன் டி.வி.யில் போட்டதும் எல்லோரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். மாலதி கதவோரம் நின்றாள். தோளில் யாருடைய கைப்பையோ தொங்கியது. இடுப்பில் சித்தியின் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் அப்பா சிரித்தார், பிள்ளைகள் ஓடினார்கள். மாலதி ஓரிடத்திலும் தென்படவில்லை. குரல் மட்டும் கேட்டது.

“இவளைக் கொஞ்சம் வைத்துக்கொள் மாலதி.”

“சரி சித்தி.”

“பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வாய்தானே?”

“அதனால் என்ன மாமா.”

“போட்டோவை நீயே எடுத்துவிடேன்.”

“சரி அக்கா.”

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, குழந்தையின் முதுகில் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணத் தொடங்கினாள். வீடியோ மொத்தமே 9 நிமிடம். அதற்குள் 7 சரி. எல்லாம் ஒரே சுருதியில், கேட்டவர் முகம் சுருங்கிவிடுமோ என்று முந்திக்கொண்டு வந்து விழுந்த சரிகள். பள்ளியில் 40 மாணவர்களை ஒரு பார்வையில் அடக்குகிற குரலா இது?

நான்காவது நிமிடம்தான் அவளை உலுக்கியது. “மாலதி, லீவில் நம் பையனை...” என்று அண்ணி ஆரம்பித்தாள். “சரி அண்ணி” என்று குறுக்கே விழுந்தது அவள் குரல். மீதியை யாரோ விட்ட விசில் விழுங்கிவிட்டது. என்ன கேட்டாள் அண்ணி? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

தூங்கும் குழந்தையைச் சித்தியின் மடியில் கிடத்தினாள். கைப்பையை மேஜைமேல் வைத்தாள். தோளில் பட்டையின் தடம் எரிந்தது. அண்ணி அடுக்களையில் இருந்தாள்.

“அண்ணி, காலையில் லீவைப் பற்றி என்ன கேட்டீர்கள்?”

“அதற்குத்தான் சரி சொல்லிவிட்டாயே! 3 வாரமும் பையன் உன் வீட்டில் இருக்கட்டும். நீ கணக்குச் சொல்லிக்கொடுத்தால் தேறிவிடுவான்.”

அந்த 3 வாரத்துக்காகத்தான் மாலதி ஆறு மாதமாகக் காத்திருந்தாள். லீவு முடிந்த மறுநாள் அவளுக்குத் தலைமை ஆசிரியர் பதவிக்கான தேர்வு. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“கேட்காமலே சரி சொல்லிவிட்டேன் அண்ணி. தப்பு என்மேல்தான். இந்த லீவில் என்னால் முடியாது. எனக்குப் பரீட்சை இருக்கிறது.”

அண்ணியின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. “உன்னை நம்பி அவனிடம் சொல்லிவிட்டேனே...”

‘பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது தொண்டைவரை வந்துவிட்டது. நெஞ்சு படபடத்தது. மாலதி மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார்கள். அவள் குரல் கேட்டது: சரி சித்தி.

அண்ணி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலதி வாய் திறக்கவில்லை.

“என்ன பரீட்சை?” என்றாள் அண்ணி, வெகுநேரம் கழித்து.