கணக்கோலைகளைப் படிக்கத் தெரிந்தவர் வருகிறார்

சுவடிப் பிரிவு நண்பர்களுக்கு வணக்கம்.

வருகிற திங்கட்கிழமை முதல் செண்பகவல்லி நம்மோடு பணியாற்றப் போகிறார். பெயரைக் கேட்டவுடன் நம்மில் பாதிப் பேர் "கோவில்பட்டியா?" என்று கேட்டுவிடுவீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆம், கோவில்பட்டிதான். அம்மன் பெயரைத்தான் வீட்டில் வைத்திருக்கிறார்கள். செண்பகம் என்று அழைத்தால் போதும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் தமிழ் முதுகலை முடித்தவர். குடும்பச் சூழ்நிலையால் ஆய்வுப் படிப்பைத் தொடர முடியாமல், ஒன்பது ஆண்டுகள் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் மூலப் பத்திரங்களைப் படித்து நகலெடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். சுவடியில் நேரடி அனுபவம் இல்லை என்பதால் நேர்காணலின்போது எனக்குத் தயக்கம் இருந்தது. அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் சம்மதத்தோடுதான் இங்கும் எழுதுகிறேன். அந்தத் தயக்கம் எப்படிப் போயிற்று என்று சொல்வதுதான், அவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய நேர்மையான வழி என்று தோன்றுகிறது.

தேர்வு நாளன்று ஒரு சுவடிக்கட்டிலிருந்து பன்னிரண்டு ஏடுகளை அவர் முன்னால் வைத்தோம். ஏட்டைத் தொடுவதற்கு முன் அவர் இரண்டு கைகளிலிருந்தும் வளையல்களைக் கழற்றி, மோதிரத்தையும் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தார். யாரும் சொல்லவில்லை. கேட்டபோது, நைந்த பழைய பத்திரம் ஒன்று ஒருமுறை வளையல் பட்டுக் கிழிந்துவிட்டதாகவும், அன்றிலிருந்து இதுதான் பழக்கம் என்றும் சொன்னார். ஜெபமணி அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே அவருடைய வாக்கு விழுந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

ஆனால் என் மனத்தை மாற்றியது கடைசி ஏடு. அதில் எழுதி முடித்த நாள் "௲௪௰௨௵ மாசி௴" என்று இருந்தது. கொல்லம் 1042, மாசி மாதம். நம்முடைய விவரப் பட்டியலில் அதற்கு நேரே 1866 என்று பதிந்திருந்தோம். பதிந்தது நான்தான். செண்பகம் அந்த ஏட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குவதால் மாசி மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் விழும், 824ஐக் கூட்டக் கூடாது, 825ஐக் கூட்ட வேண்டும், ஆகவே இது 1867 என்றார். அதோடு நிற்காமல், அதே வரியில் "அட்சய" என்று ஆண்டுப் பெயரும் இருப்பதைக் காட்டி, அட்சய ஆண்டு 1867 பங்குனியோடு முடிகிறது, ஆகவே இரண்டும் பொருந்துகின்றன என்று சரிபார்த்தும் காட்டினார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பட்டியலில் உள்ளதைத் திருத்தலாமா, அல்லது பக்கத்தில் குறித்து வைக்கலாமா?" என்று கேட்டார். பிழையைக் கண்டவுடன் அடித்துத் திருத்தாமல் கேட்டு நிற்கிற அந்தக் குணம், கண்டுபிடித்த திறமையைவிடப் பெரியது என்று எனக்குப் பட்டது.

அன்று அவர் எழுதிக் கொடுத்த படியை நீங்கள் எல்லோரும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். நம் ஏடுகளில் புள்ளி இல்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். "பெறு" என்பதா "பேறு" என்பதா என்று அந்தந்த இடத்தின் பொருளை வைத்துத்தான் முடிவு செய்கிறோம், பல நேரங்களில் அவசரமாகவும் முடிவு செய்துவிடுகிறோம். அவர் நான்கு இடங்களில் இரண்டு பாடங்களையும் எழுதி, எது பொருந்தக்கூடும், ஏன் என்று ஒவ்வொரு வரியில் குறிப்பு வைத்திருந்தார். ஓரிடத்தில் பூச்சி அரித்த பகுதிக்கு "மூன்று எழுத்து அளவு இடம், படிக்க இயலவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த இடத்தை நிரப்பிவிடும் ஆசை நம் எல்லோருக்கும் வரும். அவருக்கும் வந்திருக்கும், ஆனால் நிரப்பவில்லை.

இனி, அவர் எதற்காக நமக்கு மிகவும் தேவைப்படுகிறார் என்பதைச் சொல்கிறேன். வடக்குச் சுவர் அலமாரியில் முப்பத்தெட்டுக் கட்டுகள் கணக்குச் சுவடிகள் கிடக்கின்றன என்பதும், அவற்றை நாம் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்திருக்கிறோம் என்பதும் நமக்குத் தெரிந்த ரகசியம். நெல் அளவையும் நிலக் கணக்கும் நிறைந்த அந்த ஏடுகளில், "மா" என்றால் இருபதில் ஒன்றா அல்லது நிலத்தின் அளவா, "காணி" என்றால் எண்பதில் ஒன்றா அல்லது வயலா என்று ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டும். முந்திரி என்ற முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர்கள், படிப்பவர்களும் தம்மைப் போலவே கணக்குப் பழகியவர்களாக இருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். பழைய பாகப் பிரிவினைப் பத்திரங்களில் ஒன்பது ஆண்டுகள் உழன்ற செண்பகத்துக்கு இந்தக் குறிகள் புதியவை அல்ல. நாம் முன்பு "[குறி]" என்று மட்டும் போட்டுவிட்டுத் தாண்டிப் போன இடங்களை முதலில் அவர் பார்ப்பார். பின்னக் குறிகளுக்கு யூனிகோடு 2019ஆம் ஆண்டே இடம் ஒதுக்கிவிட்டதால், அவற்றைக் காட்டும் எழுத்துருவை முத்துக்குமார் அவருடைய கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்.

ஒளிப்படக் கருவியும் கோப்புகளுக்குப் பெயரிடும் முறையும் அவருக்குப் புதியவை. அதை முத்துக்குமார் கற்றுத் தருவார். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதையும் கட்டு கட்டுவதையும் ஜெபமணி அக்காவிடம் பழகுவார். (முதல் வாரம் வீட்டுக்குப் போனதும் கையில் என்ன வாடை என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.) அவர் நாள்தோறும் கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து போக வேண்டியிருப்பதால், காலைக் கூட்டத்தை ஒன்பதரையிலிருந்து பத்து மணிக்கு மாற்றியிருக்கிறேன், இதற்கு உங்களில் ஒருவரும் வருத்தப்பட மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தம்மிடம் நீண்ட நாளாகத் தீராமல் கிடக்கும் ஓர் ஐயத்தை, ஏட்டு எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திங்கட்கிழமை அவர் மேசையில் வையுங்கள். பூங்கொத்தைவிட அது அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அன்றே விடை கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

செண்பகம், இதை நீங்களும் படிப்பீர்கள் என்பதால் உங்களுக்கு இரண்டு வரி. நீங்கள் சுட்டிய 1867 பட்டியலில் ஏறிவிட்டது. திருத்தக் குறிப்பில் உங்கள் பெயரும் இருக்கிறது. உங்கள் மேசை கிழக்குச் சன்னலுக்கு அருகில், ஆனால் வெயில் நேரே விழாத பக்கத்தில் இருக்கிறது. வளையல் வைக்க இழுப்பறையில் ஒரு சிறிய மரப்பெட்டி போட்டிருக்கிறோம். ஏடு விரித்திருக்கும் நேரத்தில் இங்கே மின்விசிறி போடுவதில்லை; சித்திரையில் அது கொடுமைதான். அதற்காக ஜெபமணி அக்கா அதே இழுப்பறையில் கைவிசிறி ஒன்றும் வைத்திருக்கிறார். அதுவும் பனையோலைதான், அதில் மட்டும் எதுவும் எழுதியிருக்காது, தாராளமாக வீசிக்கொள்ளலாம்.