முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பெட்டி

சுகந்தி: வதனி, முரசுமோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணி நேற்று ஒரு பெட்டி கொண்டுவந்து தந்திருக்கிறா. நோய் எதிர்ப்புச் சக்திக்காம். 38,500 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாமாம். சின்னவனுக்கு நெடுக தடிமன், அம்மாவுக்கும் சீனி. வாங்கவா, விடவா?

வதனி: பெட்டி உன் கையில் இருக்கிறதா? மூடி உடைக்கவில்லைதானே?

சுகந்தி: இல்லை, பொலித்தீன் சுற்றியபடி அப்படியே இருக்கிறது. தங்கக் கலர் மூடி. உள்ளே 60 குளிசை, ஒரு மாத் தகரம், ஒரு பாணிப் போத்தல் என்று வெளியில் படம் போட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்குத்தான் காணுமாம்.

வதனி: பின்பக்கத்தில் சின்ன எழுத்து இருக்கும், அதை அப்படியே வாசி.

சுகந்தி: இரண்டு குளிசையில் விற்றமின் சி 80 மில்லிகிராம், சிங்க் 10 மில்லிகிராம், மஞ்சள் சாறு, சீந்தில் சாறு. கீழே "இது உணவு நிரப்பி, எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல" என்று இருக்கிறது. அண்ணி சொன்னது வேறு, சீனியே இறங்கிவிடும் என்றா.

வதனி: பார்த்தாயா, பெட்டியில் எழுதப் பயந்ததை வாயால் சொல்லி விற்கிறார்கள். உன் வீட்டு வேலியோரம் நிற்கிற கொய்யாவில் ஒரு பழம் பறித்துச் சாப்பிட்டால் அந்த இரண்டு குளிசையில் இருக்கிற விற்றமின் சியை விடக் கூடக் கிடைக்கும், அவன் வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம் காணும், மிச்சம் சிறுநீரோடு போய்விடும்.

சுகந்தி: அப்போ ஏன் அவனுக்கு இத்தனை தரம் தடிமன் வருகிறது?

வதனி: பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டுத் தரம் வருவது வழமைதான் சுகந்தி. எடை ஏறுகிறதா, விளையாடுகிறானா, சாப்பிடுகிறானா என்று பார். எடை குறைந்தால், காய்ச்சல் நீண்டால், இழுப்பு வந்தால் உடனே டொக்டரிடம் கொண்டு போ, இரத்தம் குறைவா என்றும் பார்ப்பார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு சதமும் கேட்கமாட்டார்கள்.

சுகந்தி: அம்மாவுக்கு மட்டும் என்றாலும் வாங்கினால்?

வதனி: அதுதான் எனக்குப் பயம். சீந்தில் சேர்ந்த மருந்துகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக இந்தியாவில் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள், அதோடு அது சீனியையும் இறக்கக்கூடியது, அம்மா சீனிக்குளிசையும் போடுவதால் ஒரேயடியாக இறங்கி மயங்கி விழவும் இடமுண்டு. பெட்டியின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் காட்டு, காட்டாமல் ஒரு குளிசையும் கொடுக்காதே.

சுகந்தி: சரி. ஆனால் அண்ணி இன்னொன்றும் சொன்னா. பெட்டி எடுத்தால் நானும் சேர்ந்த மாதிரியாம், எனக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்தால் போட்ட காசு திரும்பி வருமாம்.

வதனி: காசு எங்கிருந்து திரும்பி வரும் என்று கேட்டாயா? உன் தங்கச்சியும் என் மாமியும் கட்டுகிற காசிலிருந்துதான். பொருள் விற்று வருகிற வருமானம் வேறு, ஆள் சேர்த்து வருகிற காசு வேறு. ஆள் சேர்ப்பதில்தான் வருமானம் என்றால் அது பிரமிட், வங்கித்தொழில் சட்டத்திலேயே அதற்குத் தடை இருக்கிறது, மத்திய வங்கியும் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, பத்துப் படி போனால் ஆயிரத்துச் சொச்சம் பேர் வேண்டும். நம் ஊரில் அத்தனை வீடு எங்கே இருக்கிறது?

சுகந்தி: உண்மையைச் சொல்லட்டா? முதல் தவணைக்கு உரத்துக்கு வைத்த காசைத்தான் எடுக்க நினைத்தேன். இவர் விதைக்கிற நேரம். இல்லையென்றால் சங்கிலியை அடகு வைக்க வேண்டும்.

வதனி: வேண்டாமடி. போன கடனே முடியவில்லை உனக்கு. அந்தக் காசில் எத்தனை மாதத்துக்கு முட்டையும் பயறும் நெத்தலியும் வாங்கலாம். அப்புறம் உன் மனுசன் வயலுக்கு இறங்கமுதல் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்புக் குளிசை தருகிறார்களா என்று சுகாதாரப் பரிசோதகரிடம் கேள். மழைக்கு வளவில் கிடக்கிற சிரட்டை, டயரையும் கவிழ்த்து விடு. உங்கள் வீட்டுக்கு இந்த மாதம் தேவைப்படுவது அதுதான்.

சுகந்தி: அண்ணிக்கு என்ன சொல்வது? அவவின் கட்டிலுக்குக் கீழே இன்னும் ஆறு பெட்டி கிடக்கிறது. அவவும் கடன்பட்டுத்தான் எடுத்தவ.

வதனி: அப்போ அவவோடு கோபமாகக் கதைக்காதே. பற்றுச்சீட்டு தந்தார்களா, உடைக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்று முதலில் கேட்போம். எடுக்க மறுத்தால் 1977க்கு அடித்து நுகர்வோர் அதிகார சபையிடம் முறையிடலாம். நான் பின்னேரம் சைக்கிளில் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து போவோம்.

சுகந்தி: ஐந்து மணிக்கு வா. பெட்டியை அதே பையில் போட்டு வைக்கிறேன்.